"அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்கிறோம், சரி. கேட்ட பிறகு என்ன செய்கிறீர்கள்?

சாக்பீஸ்தூசி · திங்கள், இரவு 9:14

எங்களுடையது இரண்டு ஆசிரியர் பள்ளி. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து 1, 2, 3 மூன்று வகுப்பும் என் அறையில்தான், மொத்தம் 26 பேர். கதை வாசித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கை தூக்குவார்கள், கத்துவார்கள், வகுப்பு கலகலப்பாக இருக்கும்.

போன வாரம்தான் ஒன்று உறைத்தது. காணாமல் போன கன்றுக்குட்டியைப் பற்றிய கதை. நிறுத்திக் கேட்டேன். ஒருவன் "புலி வந்து தின்னுடும்" என்றான். உடனே அறை முழுக்க "புலி! புலி!" கதையில் புலியும் இல்லை, காடும் இல்லை. யோசித்துப் பார்த்தால், இந்த வருடம் எந்தக் கதையில் கேட்டாலும் இவர்களுக்குப் புலிதான் வந்திருக்கிறது. கன்று பக்கத்து வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் படுத்திருந்தது என்று வாசித்ததும், அதே பையன் "நான் அதைத்தான் சொன்னேன் டீச்சர்" என்கிறான். முகத்தில் பொய் இல்லை, உண்மையாகவே நம்புகிறான்.

நானும் "ஓ அப்படியா, சரி" என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். இத்தனை வருடமும் இதைத்தான் செய்திருக்கிறேன் போல. ஊகிக்கச் சொல்கிறேன், ஊகம் என்ன ஆனது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

மஞ்சள்பென்சில் · திங்கள், இரவு 9:52

டீச்சர், நான் தனியார் பள்ளியில் 4-ஆம் வகுப்பு எடுக்கிறேன். எங்களுக்கு இதற்கென்றே ஒரு தாள் உண்டு. இடப்பக்கம் "என் ஊகம்", வலப்பக்கம் "நடந்தது". கதையின் பெயரையும் படத்தையும் காட்டி முதலிலேயே எழுத வைத்துவிடுவேன். எழுதிவிட்டால் "நான் அதைத்தான் சொன்னேன்" என்று சொல்ல முடியாது பாருங்கள். சரியாக ஊகித்தவர்களுக்கு ஒரு ஸ்டார். மாதக் கடைசியில் ஸ்டாரை எண்ணினால் யார் நன்றாகப் புரிந்து படிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரே தொல்லை, சில வால்கள் கதை முடிந்ததும் அழித்துவிட்டு மாற்றி எழுதுவார்கள். அதனால் அந்த நேரத்தில் எல்லா ரப்பரையும் வாங்கி மேசையில் வைத்துவிடுவேன் 😄

திண்ணைக்கதை · திங்கள், இரவு 10:30

பள்ளிகளுக்குப் போய்க் கதை சொல்கிறவன் என்ற உரிமையில் ஒரு எதிர்க்குரல். கதையைப் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்பதே எனக்கு ஒப்பவில்லை. நல்ல கதை என்றால் பிள்ளை தானாகவே அடுத்தது என்னவென்று நினைத்துக்கொண்டுதான் இருக்கும், கண்ணைப் பார்த்தாலே தெரியும். அந்த நேரத்தில் நிறுத்தி "எங்கே, சொல்லு" என்றால் சுழல்கிற பம்பரத்தைக் கையில் எடுத்து, சுழல்கிறதா என்று பார்ப்பது போல ஆகிவிடும். இப்போது அதற்கு மேல் தாள், ஸ்டார், ரப்பர் பறிமுதல். கதை எங்கே போச்சு?

மணலெழுத்து · செவ்வாய், காலை 6:05

சாக்பீஸ்தூசி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆசிரியர் பயிற்சியில் 20 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். நான் பார்த்த வகுப்புகளில் பத்தில் ஒன்பது உங்கள் வகுப்பு போலத்தான் நடக்கும். ஊகம் கேட்பார்கள், கலகலப்பு வரும், கதை தொடரும். ரசல் ஸ்டாஃபர் என்ற அமெரிக்கர் 1960களில் இதை ஒரு முறையாக வகுத்தபோது மூன்று கேள்விகள் வைத்தார். என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய், எங்கே காட்டு. நம் வகுப்புகளுக்கு முதல் கேள்வி மட்டும் வந்து சேர்ந்தது. மற்ற இரண்டும் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டன.

ஒரு வகுப்பில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். 3-ஆம் வகுப்பு, 24 பிள்ளைகள். கதையை நானே எழுதிக்கொண்டேன். தெரிந்த கதை என்றால் ஊகம் இருக்காது, ஞாபகம்தான் இருக்கும். முதல் பகுதி இது:

"பூங்கொடிக்கு அப்பா திருவிழாவில் சிவப்புச் செருப்பு வாங்கித் தந்தார். பாட்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'வார்த் தையல் சரியில்லையேடி' என்றாள். 'எனக்கு மட்டும் பலூனா?' என்று தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுநாள் காலை மேற்கே மேகம் கருத்திருந்தது. திண்ணையில் நாய்க்குட்டி ஒரு கந்தல் துணியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பூங்கொடி செருப்பைத் திண்ணைக்குக் கீழே விட்டுவிட்டுச் சாப்பிட உள்ளே போனாள்."

இங்கே நிறுத்தினேன். ஏன் இங்கே? நாய், மழை, தம்பி என்று மூன்று பக்கமும் கதை கை காட்டுகிறது. ஒரே ஒரு முடிவுதான் வரமுடியும் என்ற இடத்தில் நிறுத்தினால் அது வெறும் சடங்கு. எதுவுமே சொல்லாத இடத்தில் நிறுத்தினால் புலிதான் வரும். உங்கள் கன்றுக்குட்டிக் கதையை எடுத்துப் பாருங்கள், நீங்கள் நிறுத்திய இடத்துக்கு முன்னால் வைக்கோல் போர் பற்றி ஒரு வரியாவது வந்திருந்ததா? வரவில்லை என்றால் தப்பு பிள்ளைகள் மேல் இல்லை.

உடனே கை தூக்க விடவில்லை. ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசிக்கச் சொன்னேன், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொன்னேன், அதற்குப் பிறகுதான் கேட்டேன். நாய்க்குட்டி கடித்துவிடும் என்று 13 பேர். மழையில் நனைந்துவிடும், அடித்துக்கொண்டு போய்விடும் என்று 6 பேர். தம்பி ஒளித்து வைப்பான் என்று 4 பேர். ஒரு பையன் மட்டும் "பாட்டி எடுத்துட்டுப் போயிடும்" என்றான். நாலையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் "கதையில் எந்த வரி அப்படி நினைக்க வைத்தது?" என்று கேட்டு அந்த வரியையும் எழுதினேன். நாய்க்காரர்கள் கந்தல் துணியைச் சொன்னார்கள். மழைக்காரர்கள் மேகத்தை. தம்பி கட்சி பலூனை. பாட்டியைச் சொன்ன பையனிடம் கேட்டால் "சும்மா தோணுச்சு" என்றான். அவன் ஊகத்தின் கீழே ஒரு கோடு மட்டும் போட்டு இடத்தைக் காலியாக விட்டேன்.

இரண்டாவது பகுதி. "வெளியே வந்து பார்த்தால் ஒரு செருப்புதான் இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. நாய்க்குட்டி கந்தல் துணி மேல் படுத்துத் தூங்கியது. தம்பி இன்னும் பாயை விட்டு எழவில்லை. மூலையில் எப்போதும் சாய்த்து வைத்திருக்கும் பாட்டியின் கைத்தடியைக் காணோம்."

இப்போது அடுத்த வரிக்கு ஓடாமல் கரும்பலகைக்குத் திரும்பினேன். ஒவ்வொரு ஊகத்துக்கும் மூன்றில் ஒரு முடிவு: நடந்தது, நடக்கவில்லை, இன்னும் தெரியவில்லை. மழையை அவர்களே அடித்துவிட்டார்கள், காட்டிய வரி "தரை காய்ந்து கிடந்தது". நாய் விஷயத்தில்தான் சண்டை. "தூங்குது, அதனால அது இல்ல" என்று பாதிப் பேர். "ஒண்ண எங்கயோ போட்டுட்டு வந்து தூங்குது" என்று மீதிப் பேர். இரண்டும் நியாயம்தானே? அதனால் "இன்னும் தெரியவில்லை" என்று எழுதினோம். தம்பிக்கும் அதேதான், "நடிக்கிறான் டீச்சர், எங்க அண்ணனும் இப்படித்தான்" என்று ஒருவன். மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் மாறலாம், ஆனால் எந்த வரியால் மாறினாய் என்று சொல்ல வேண்டும். அப்போது ஒரு பெண் குழந்தை மெதுவாக, "தடி இல்ல. பாட்டி வெளிய போயிருக்காங்க" என்றாள். "போனால் எதற்கு ஒரு செருப்பை எடுக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் முதல் பகுதியை இன்னொரு தடவை வாசித்தேன். "வார்த் தையல் சரியில்லையேடி" என்ற இடத்தில் நாலைந்து பேர் "ஓ..." என்று இழுத்தார்கள். அந்த "ஓ" வந்ததா இல்லையா என்று பார்த்தாலே வகுப்பு எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியில் பாட்டி தெரு முனையிலிருந்து, தைத்த செருப்போடு வருகிறாள். மொத்தம் 25 நிமிடம், இரண்டே நிறுத்தம்.

மஞ்சள்பென்சில், இங்கே உங்கள் ஸ்டாரை யாருக்குக் கொடுப்பீர்கள்? முதலிலேயே பாட்டி என்று சொன்னது "சும்மா" பையன். 13 பேர் கதையைக் கவனமாகக் கேட்டுத்தான் நாய் என்றார்கள், கதை அவர்களை அப்படி நினைக்க வைக்கத்தான் அந்தக் கந்தல் துணியை வைத்திருந்தது. நடந்ததற்கு ஸ்டார் கொடுத்தால் கவனமாகக் கேட்டவர்களுக்குப் பூஜ்யம், குருட்டாம்போக்கில் சொன்னவனுக்குப் பரிசு. அவர்கள் ரப்பர் எடுப்பதற்கும் அதுதான் காரணம். எழுதி வைக்கச் சொல்வது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். ஸ்டாரை எடுத்துவிட்டுப் பாருங்கள், ரப்பரை நீங்கள் வாங்கி வைக்கவே வேண்டியிருக்காது.

மஞ்சள்பென்சில் · செவ்வாய், காலை 7:40

ரப்பர் விஷயம் சுருக்கென்று குத்தியது, ஒப்புக்கொள்கிறேன் அம்மா. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் ஆரம்பித்த இரண்டு மாதத்தில் ஊகங்களே மாறிவிட்டன. "ஏதோ ஒன்று நடக்கும்", "கடைசியில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்". எப்படியும் சரியாகிவிடும் மாதிரி எழுதுகிறார்கள். நான் அதைப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பெற்றோர் கூட்டத்தில் காட்ட ஏதாவது வேண்டுமே? கரும்பலகையில் எழுதி அழித்துவிட்டால் நான் எதைக் காட்டுவது?

மணலெழுத்து · செவ்வாய், காலை 8:15

"ஏதோ ஒன்று நடக்கும்" என்பவரிடம் நான் ஒன்று கேட்பேன்: "என்ன நடந்தால் உன் ஊகம் தப்பு என்று ஒத்துக்கொள்வாய்?" பதில் இல்லை என்றால் அது ஊகம் இல்லை என்று அவர்களுக்கே புரியும். சிரித்துக்கொண்டே கேளுங்கள், மிரட்டல் போல ஆகிவிடக் கூடாது.

காட்டுவதற்கு, தாளில் நடுவே இன்னொரு பத்தி சேருங்கள்: "எந்த வரியால்". ஜூனில் அந்தப் பத்தி காலியாகவோ "சும்மா" என்றோ இருக்கும். நவம்பரில் அதே பிள்ளை கதையிலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதியிருந்தால் பெற்றோரிடம் காட்ட அது போதாதா?

இரட்டைஅம்மா · செவ்வாய், காலை 11:20

வணக்கம். நான் டீச்சர் இல்லை, இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. இந்த இழையைப் படித்து எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகன் 2-ஆம் வகுப்பு. ஏற்கெனவே ஊகித்து ஊகித்துத்தான் படிக்கிறான். "மாடு வந்தது" என்று இருந்தால் படத்தைப் பார்த்துவிட்டு "பசு வருது" என்கிறான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை அவனே போட்டுக்கொள்கிறான். மகள் அப்படி இல்லை, எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். இப்போது பள்ளியிலேயே ஊகிக்கப் பழக்கினால் இவன் எழுத்தைப் பார்க்கவே மாட்டானே? இதை நிறுத்தச் சொல்லலாமா?

சாக்பீஸ்தூசி · செவ்வாய், மதியம் 1:05

அம்மா, என் வகுப்பிலும் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் பேசுவது வேறு விஷயம் என்று நினைக்கிறேன். மணலெழுத்து அம்மா சொல்லட்டும்.

மணலெழுத்து · செவ்வாய், மாலை 4:30

உங்கள் கவலை நியாயமானது, ஆனால் சாக்பீஸ்தூசி சொல்வது போல இரண்டும் வேறு. உங்கள் மகன் ஊகிப்பது சொல்லை. அதற்குப் பதில் அவன் கண் முன்னாலேயே அச்சடித்திருக்கிறது, பார்த்துப் படித்தால் போதும். தமிழில் ஒரு சில இடம் தவிர எழுதியபடியே ஒலிக்கிறது, ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. அவனிடம் "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்று யாராவது உதவி செய்தால் அதை நிறுத்துங்கள். அவன் மாற்றிப் படிக்கும் சொல்லின் மேல் விரலை வைத்து "இதில் என்ன எழுத்து இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

நாங்கள் ஊகிக்கச் சொல்வது இன்னும் வராத சம்பவத்தை. சின்ன வகுப்புகளில் ஆசிரியர்தான் வாசிக்கிறார், பிள்ளை கேட்கிறது, அங்கே எழுத்தை விழுங்க இடமே இல்லை. சொல்லப்போனால் உங்கள் மகன் இதில் பிரகாசிக்கக்கூடும். எழுத்தில் தடுமாறுகிற பல பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். பிள்ளை தானே வாசிக்கும்போது இதைச் செய்தால், ஊகம் எழுத்தைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. சரளமாக வாசிக்க வரும் வரை நான் கேட்கும் கதையோடு நிறுத்திக்கொள்வேன்.

கொழுந்துக்கூடை · செவ்வாய், இரவு 8:48

வணக்கம், நான் இலங்கை மலையகத்தில் தரம் 4 படிப்பிக்கிறேன். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ரீச்சர் சொன்ன "எந்த வரி" என்ற கேள்வியில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒரு கதையில் அம்மா வேலையால் வரப் பிந்துகிறா. இருட்டிவிட்டது, மழை, பிள்ளை வாசலில் நிற்கிறது. அடுத்தது என்ன என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது பஸ் தவறியிருக்கும் என்று, ஏனென்றால் கதையில் பஸ் வருகிறது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் "கொழுந்து நிறுக்கிற இடத்தில் சுணங்கியிருக்கும்" என்றார்கள். எந்த வரி என்று கேட்டால் வரி இல்லை, கதை நடப்பதே டவுனில். ஆனால் "சும்மா" என்றும் சொல்ல ஏலாது. அது அவர்கள் ஒவ்வொரு நாளும் காண்கிற விசயம். வரி இல்லை என்று அந்த இடத்தைக் காலியாக விட்டால் அவர்கள் வீட்டையே பிழை என்று சொன்ன மாதிரி எனக்குப் பட்டது.

மணலெழுத்து · செவ்வாய், இரவு 9:30

இது நான் விட்டுவிட்ட இடம். நன்றி.

காலியாக விடக் கூடாதுதான். காரணம் இரண்டு இடத்திலிருந்து வரலாம், கதையிலிருந்து வரலாம், நமக்குத் தெரிந்ததிலிருந்தும் வரலாம். உங்கள் பிள்ளைகள் இரண்டாவதை வைத்திருந்தார்கள், என் வகுப்பில் "எங்க அண்ணனும் இப்படித்தான்" என்றவனும் அதைத்தான் செய்தான். அவனுக்கு அதோடு பலூன் வரியும் கையில் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் ஊகம் கால் ஊன்றும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் "கொழுந்து நிறுக்கிற இடம்" என்றே எழுதி, "இது எங்களுக்குத் தெரிந்தது" என்று பக்கத்தில் குறித்துவிட்டு, "இந்த அம்மா வேலை செய்யும் இடம் எது? கதையில் எங்கே சொல்கிறது?" என்று கேட்டிருப்பேன். அந்த வரியைத் தேடும்போது அவர்களே திருத்திக்கொள்வார்கள். சில சமயம் திருத்திக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவுனையே பார்க்காத பிள்ளைக்கு அந்த வரியைக் காட்டினாலும் மனதில் படம் வராது. அங்கே ஊகம் கேட்பதை விட முதலில் கொஞ்சம் பேசிவிட்டுக் கதையைத் தொடங்குவது மேல்.

கொழுந்துக்கூடை · செவ்வாய், இரவு 9:41

அது சரி. எனக்கும் பஸ் ஸ்டாண்ட் படம் ஒன்றைக் காட்டிவிட்டுத் தொடங்கியிருக்கலாம் என்று பிறகுதான் பட்டது.

திண்ணைக்கதை · புதன், காலை 7:10

செருப்புக் கதை நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இதற்காகவே செய்த கதை, துப்பறியும் கதை மாதிரி. எல்லாக் கதையும் அப்படி இல்லை. ஒரு கிழவி மகனுக்காகக் காத்திருக்கிறாள், அவன் வரவில்லை, அவ்வளவுதான் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தடயம் தேடி என்ன செய்வீர்கள்? சில கதை ஊகத்துக்கானது இல்லை, கூட உட்கார்ந்திருப்பதற்கானது.

மணலெழுத்து · புதன், காலை 7:55

உண்மை. அந்தக் கதையை நான் நிறுத்தவே மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் கதை இருந்தால் ஊகத்துக்கு இரண்டு நாள் போதும், மீதி மூன்று நாளும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். இதைத் தனி மருந்தாக விற்பவர்களிடமும் எனக்கு நம்பிக்கை இல்லை. பாலின்சரும் பிரவுனும் 1984-இல் எழுதிய முறையில்கூட ஊகிப்பது நான்கில் ஒன்றுதான், கேள்வி கேட்பதும் புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வதும் சுருக்கிச் சொல்வதும் கூடவே இருந்தன. அவர்கள் பார்த்ததும் நம் 3-ஆம் வகுப்பை விடப் பெரிய பிள்ளைகளை.

ஆனால் "நல்ல கதை என்றால் பிள்ளை தானாகவே ஊகிக்கும்" என்கிறீர்களே, அதில் பாதிதான் சரி. முன் வரிசையில் உட்கார்ந்து உங்கள் கண்ணையே பார்க்கிறவர்கள் ஊகிப்பார்கள். பின் சுவரோரம் இருப்பவர்களிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

திண்ணைக்கதை · புதன், காலை 8:02

கேட்கிறேன். ஆனால் கதை முடிந்த பிறகு.

சாக்பீஸ்தூசி · 11 நாள் கழித்து, ஞாயிறு மாலை 5:20

நாலு தடவை செய்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நல்லதும் கெட்டதும்.

முதல் நாள் படுதோல்வி. பாடநூலில் உள்ள கதையையே எடுத்தேன். தலைப்பு முடிவைச் சொல்லிவிட்டது, அடுத்த பக்கத்துப் படம் மீதியைச் சொல்லிவிட்டது. நான் நிறுத்துவதற்கு முன்பே 3-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டார்கள். அன்று எல்லோருமே சரியாக ஊகித்தார்கள்! இரண்டாம் நாளிலிருந்து புத்தகம் பைக்குள், நான் மட்டும் தாளில் எழுதி வைத்து வாசிக்கிறேன். முந்தின இரவு பென்சிலால் நிறுத்தும் இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். இரண்டு விதமாகவாவது போக முடியுமா என்று பார்த்தால் பாதிக் கதைகள் தேறுவதில்லை.

1-ஆம் வகுப்புக்கு எழுத வராது. அதனால் இடம் மாறி நிற்கும் விளையாட்டாக மாற்றினேன். நாய் என்றால் ஜன்னல் ஓரம், மழை என்றால் கதவோரம், "தெரியல" என்றால் என் மேசைப் பக்கம். அடுத்த பகுதி வாசித்ததும் மாறலாம், ஆனால் மாறுகிறவர் எந்த வரியால் என்று சொல்லிவிட்டுத்தான் நடக்க வேண்டும். எழுத்தே தெரியாத வாண்டு ஒன்று கதவிலிருந்து ஜன்னலுக்கு நடந்துகொண்டே "தரை காஞ்சிருக்குன்னு சொன்னீங்கல்ல" என்றது. (ஆமாம் அம்மா, உங்கள் செருப்புக் கதையைத் திருடிவிட்டேன்.)

இதில் ஒரு ஓட்டை. பெரியவர்கள் எங்கே போகிறார்களோ சின்னவர்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். மூன்றாம் முறை முதலில் 1-ஆம் வகுப்பை மட்டும் நகரச் சொன்னேன், அப்புறம் 2, கடைசியில் 3. கொஞ்சம் பரவாயில்லை. அக்கா போன இடத்துக்குத் தம்பி போவதை மட்டும் தடுக்க முடியவில்லை.

"நான் அதைத்தான் சொன்னேன்" பையன் இன்னும் சொல்கிறான். இப்போது கரும்பலகையில் அவன் பெயரின் முதல் எழுத்து "புலி" பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "ஆமா, புலின்னுதான் சொன்னேன். ஆனா மனசுக்குள்ள இதுவும் இருந்துச்சு" என்கிறான்.

நாலாவது நாள் ஆசைப்பட்டு நாலு இடத்தில் நிறுத்தினேன். மூன்றாவது நிறுத்தத்திலேயே ஒரு பெண் "டீச்சர், நீங்க முதல்ல படிச்சு முடிங்க" என்று சொல்லிவிட்டாள். திண்ணைக்கதை சார் சிரிப்பது கேட்கிறது.

மஞ்சள்பென்சில் · ஞாயிறு மாலை 6:02

நானும் ஸ்டாரை எடுத்துவிட்டேன். முதல் வாரம் "ஸ்டார் இல்லையா மிஸ்?" என்று முனகல். இரண்டாம் வாரத்திலிருந்து ரப்பரை வாங்கி வைக்கவில்லை, இரண்டு பேர்தான் அழித்தார்கள். நடுப் பத்தியில் பாதிப் பேர் இன்னும் "தோன்றியது" என்றுதான் எழுதுகிறார்கள். ஒருத்தி மட்டும் கதையின் மூன்று வரியை அப்படியே எடுத்து எழுதிவிட்டாள், ஊகத்துக்கும் அந்த வரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை எப்படித் திருத்துவது?

மணலெழுத்து · ஞாயிறு இரவு 8:10

"ஏதாவது வரியை எழுதினால் போதும்" என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. அவள் எழுதிய மூன்று வரியையும் கரும்பலகையில் போட்டு, ஒவ்வொன்றாகக் கையால் மறைத்து, "இந்த வரி கதையிலேயே இல்லை என்று வைத்துக்கொள், அப்போதும் இதையேதான் ஊகிப்பாயா?" என்று கேளுங்கள். மறைத்தாலும் ஊகம் மாறவில்லை என்றால் அந்த வரி காரணம் இல்லை. பெயர் சொல்லாமல், வகுப்பு முழுவதற்கும் ஒரு விளையாட்டாகச் செய்யுங்கள்.

சாக்பீஸ்தூசி, அக்கா தம்பி பிரச்சினைக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரே அறையில் மூன்று வகுப்பை நான் எடுத்ததில்லை. வேறு யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

கொழுந்துக்கூடை · ஞாயிறு இரவு 9:15

நான் கண்ணை மூடச் சொல்லி விரலால் காட்டச் சொல்வேன். நாய்க்கு ஒன்று, மழைக்கு இரண்டு. எண்ணி முடித்த பிறகுதான் கண் திறக்கலாம். ஆனால் சின்னவர்கள் விரலுக்கு நடுவால் எட்டிப் பார்ப்பார்கள், அதையும் சொல்லத்தானே வேணும்.

சாக்பீஸ்தூசி · ஞாயிறு இரவு 9:22

நாளைக்கு அதைச் செய்து பார்க்கிறேன். கதை இன்னும் எழுதவில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஏதாவது தேறுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.